நீல டிக் விழுந்தது, பவர் போகவில்லை

சிங்கப்பூரில் இருக்கும் நண்பர் ஒருவருக்குத் திருச்சியில் மாடியோடு ஒரு வீடு இருக்கிறது. கீழே பல வருஷமாக ஒரு குடும்பம் வாடகைக்கு இருக்கிறது. மாடி காலி. வீட்டைப் பார்த்துக்கொள்ள, அதே தெருவில் குடியிருந்த ஓய்வுபெற்ற ஒருவருக்கு 2019-இல் பவர் எழுதிப் பதிவும் செய்து கொடுத்திருந்தார். வாடகைக்கு விடுவது, ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடுவது, வாடகையும் அட்வான்ஸும் வாங்குவது, சொத்துவரி, மின்கட்டணம் கட்டுவது எல்லாம் அந்த ஒரே ஆவணத்தில் அடக்கம். மாதம் இரண்டாயிரம் ரூபாய் சம்பளம். சொந்த அண்ணன் மாதிரிதான் பழகினார்கள்.

போன வருஷம் நான்கு மாத வாடகை வங்கிக் கணக்குக்கு வரவில்லை. கேட்டால் மோட்டார் ரிப்பேர், செப்டிக் டேங்க் என்று கணக்கு வந்தது, ரசீது வரவில்லை. ஆகஸ்ட் மூன்றாம் தேதி ராத்திரி நண்பர் வாட்ஸ்ஆப்பில் தட்டினார்: “அண்ணே, இனிமே வீட்டை நீங்க பாக்க வேண்டாம். சாவியக் கீழ் வீட்டுல கொடுத்துடுங்க. கணக்கப் பிறகு பேசிக்கலாம்.” இரண்டு டிக்கும் நீலமாயின. பதில் இல்லை. விஷயம் முடிந்தது என்று நண்பர் நினைத்தார்.

ஆகஸ்ட் இருபத்துநாலாம் தேதி மாடிக்கு ஆள் குடிவந்தார்கள். பதினோரு மாத ஒப்பந்தம், மாதம் 12,000 வாடகை, ஒரு லட்சம் அட்வான்ஸ். கீழ் வீட்டு அம்மா தற்செயலாகப் போனில் சொல்லித்தான் நண்பருக்கே தெரிந்தது. பதறிப்போய் மாடி வீட்டுக்காரரைக் கூப்பிட்டார். அவர் நிதானமாகப் பதில் சொன்னார்: “சார், அவர் ரிஜிஸ்டர் பண்ணின பவரோட ஒரிஜினலைக் காட்டினார். உங்க பேரு, உங்க போட்டோ, உங்க கையெழுத்து எல்லாம் இருந்துச்சு. நான் வேற என்ன சார் பாக்கணும்?”

அவர் கேட்டதில் தப்பே இல்லை. சட்டமும் அவர் பக்கம்தான். அது எப்படி என்று பார்க்க, நூற்றைம்பது வருஷத்துக்கும் முந்தைய ஒரு பஞ்சு மூட்டைக் கதைக்குப் போக வேண்டும்.

1872-ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம் இன்றும் நடைமுறையில் இருப்பது. அந்தக் காலத்துச் சட்டங்களில் ஒரு நல்ல வழக்கம் உண்டு: பிரிவைச் சொல்லிவிட்டு, கீழேயே எடுத்துக்காட்டாக ஒரு குட்டிக் கதையும் சொல்வார்கள். முகவரின் அதிகாரம் எப்போது முடிகிறது என்பதைப் பேசும் 208-ஆம் பிரிவின் கீழ் இருக்கும் ஒரு கதை நம்மூரிலிருந்தே தொடங்குகிறது. மதராசில் இருக்கும் ‘அ’, பம்பாய்க் கிடங்கில் கிடக்கும் தன் பஞ்சை விற்கச் சொல்லி ‘ஆ’-வுக்குக் கடிதம் எழுதுகிறார். பிறகு மனம் மாறி, விற்க வேண்டாம், பஞ்சை மதராசுக்கே அனுப்பிவிடு என்று இரண்டாவது கடிதம் எழுதுகிறார். இரண்டாவது கடிதம் கைக்கு வந்த பிறகும் ‘ஆ’ அந்தப் பஞ்சை ‘இ’-க்கு விற்கிறார். ‘இ’-க்கு முதல் கடிதம் தெரியும், இரண்டாவது கடிதம் தெரியாது. பணத்தைக் கொடுக்கிறார். ‘ஆ’ பணத்தோடு ஓடிவிடுகிறார். நஷ்டம் யாருக்கு? மதராஸ் ‘அ’-வுக்குத்தான். ‘இ’ கொடுத்த பணம் செல்லும் என்கிறது சட்டம்.

ஒருவருடைய அதிகாரத்தைத் திரும்பப் பெற்றால் அது எல்லோருக்கும் ஒரே நொடியில் முடிவதில்லை. முகவரைப் பொறுத்தவரை, அவருக்குத் தெரியவரும்போது முடிகிறது. வெளியாரைப் பொறுத்தவரை, அந்தந்த வெளியாருக்குத் தெரியவரும்போது முடிகிறது. நண்பரின் வாட்ஸ்ஆப் செய்தி அண்ணனின் அதிகாரத்தை அண்ணன் அளவில் முடித்துவிட்டது. அதன்பிறகு அவர் வாங்கிய அட்வான்ஸுக்கு அவர் நண்பரிடம் பதில் சொல்லியே தீர வேண்டும். ஆனால் மாடிக்கு வந்தவருக்கு அந்தச் செய்தி தெரியாது. அவர் அளவில் பவர் உயிரோடுதான் இருந்தது. ஆக, அந்த ஒரு லட்சத்தை அவருக்குத் திருப்பித் தரும் பொறுப்பு நண்பர் தலையில் விழுந்தது. ‘இ’-யின் இடத்தில் மாடி வீட்டுக்காரர், ‘அ’-வின் இடத்தில் நண்பர், அவ்வளவுதான் வித்தியாசம்.

ரத்துக் கடிதம் என்றதும் எல்லோரும் அதை நீக்கப்படுகிறவருக்கு எழுதும் கடிதமாகவே நினைக்கிறார்கள். அவருக்கும் எழுத வேண்டியதுதான். ஆனால் அந்தக் கடிதத்தின் பெரும்பாதி வேலை, அவரை நம்பி இதுவரை பணம் கொடுத்த, இனி கொடுக்கப்போகிற ஆட்களிடம்தான் இருக்கிறது. வாயால் சொன்னாலும் அதிகாரம் போகும், நடத்தையாலும் போகும். அதே சட்டத்தின் 207-ஆம் பிரிவின் கதை இதைவிடப் பொருத்தம்: தன் வீட்டை வாடகைக்கு விட ஒருவருக்கு அதிகாரம் கொடுத்தவர், பிறகு தானே அந்த வீட்டை வாடகைக்கு விட்டுவிட்டால், அதுவே மறைமுகமான ரத்து. அப்படியானால் எழுத்து எதற்கு? யாருக்கு எந்தத் தேதியில் தெரிந்தது என்பதை நாளைக்கு நிரூபிக்கத்தான்.

நண்பர் என்ன செய்திருக்க வேண்டும் என்று ஒரு பத்திர எழுத்தரோடு உட்கார்ந்து வரிசைப்படுத்திப் பார்த்தோம். முப்பது வருஷமாக அந்தத் தொழிலில் இருப்பவர். முதலில் அவர் கேட்டது, “பவர் வெறும் லெட்டரா, நோட்டரியா, ரிஜிஸ்டரா?” என்றுதான். எல்லாமே அதில்தான் இருக்கிறது. வெறும் கடிதத்தில் ‘இவர் என் வீட்டைப் பார்த்துக்கொள்வார்’ என்று எழுதிக் கொடுத்திருந்தால், திரும்பப் பெறவும் ஒரு கடிதம் போதும். தமிழ்நாட்டில் அசையாச் சொத்து சம்பந்தப்பட்ட பவரைப் பதிவு செய்தே ஆக வேண்டும் என்று 2012-இல் சட்டத்திருத்தம் வந்தது. பதிவான பவரைப் பதிவான ரத்து ஆவணத்தால் முடிப்பதுதான் சரியான வழி. அப்போதுதான் சார்பதிவாளர் அலுவலகக் கணினியில் அந்தப் பவரின் மேல் ‘ரத்து’ ஏறும், வில்லங்கச் சான்றிலும் தெரியும். அதற்குப் பிறகு அதே பவரை வைத்து யாராவது கிரயமோ ஒப்பந்தமோ பதிய வந்தால் அங்கேயே நிற்கும். பழைய காலத்துப் பவர்கள் வேறு புத்தகத்தில் பதிவாகி வில்லங்கத்தில் வராமலே இருந்ததும் உண்டு. அதனால் ரத்து ஆவணத்தில் பழைய பவரின் எண், ஆண்டு, அலுவலகம் மூன்றும் பிசகாமல் இருக்க வேண்டும் என்றார். கையில் ஒரிஜினல் இல்லையென்றால் நகல் மனுப் போட்டு வாங்கிப் பார்த்துவிட்டு எழுதுங்கள், ஞாபகத்தில் எழுதாதீர்கள் என்பது அவருடைய பாடம்.

இன்னொரு சந்தேகத்தையும் அவர் தீர்த்தார். கிரயப் பத்திரத்தை விற்றவர் தன்னிச்சையாக ரத்து செய்ய முடியாது என்று பலருக்கும் தெரிந்திருப்பதால், பவரை ரத்து செய்யவும் ஏஜென்ட் வந்து கையெழுத்துப் போட வேண்டுமோ என்று பயப்படுகிறார்கள். சாதாரண பவருக்கு வேண்டியதில்லை. கொடுத்தவர் மட்டும் வந்து ரத்து செய்யலாம். ஏஜென்டிடமிருந்து பணம் வாங்கிக்கொண்டு எழுதிய பவர் என்றால் கதை வேறு. அதற்குப் பிறகு வருகிறேன்.

சிங்கப்பூரில் உட்கார்ந்துகொண்டு எப்படிப் பதிவு செய்வது? விடுப்பு கிடைத்தால் திருச்சிக்கு விமானம் ஏறிவிடுவதுதான் சுருக்கமான வழி. முடியாதென்றால் இரண்டு தாள்கள் வேண்டும். ஒன்று ரத்து ஆவணம். மற்றொன்று, அந்த ஆவணத்தைச் சார்பதிவாளரிடம் தாக்கல் செய்வதற்கு மட்டும் தம்பிக்கோ அக்காவுக்கோ கொடுக்கும் தனி அதிகார ஆவணம். இரண்டையும் அங்கேயுள்ள இந்தியத் தூதரகத்தில் அதிகாரி முன்னால் கையெழுத்துப் போட்டு முத்திரை வாங்க வேண்டும். இல்லையென்றால் நோட்டரி முன் கையெழுத்துப் போட்டு அபோஸ்டில் வாங்கும் வழியும் இருக்கிறது. சிங்கப்பூர் அந்த உடன்படிக்கையில் 2021-இல் சேர்ந்திருக்கிறது. துபாய், அபுதாபியில் இருப்பவர்களுக்கு அபோஸ்டில் வழி இல்லை, இந்தியத் தூதரகத்துக்குத்தான் போக வேண்டும். வெளிநாட்டில் எழுதிய ஆவணம் இந்தியா வந்து சேர்ந்த மூன்று மாதத்துக்குள் இங்கே முத்திரைத் தீர்வை கட்டியாக வேண்டும். அதனால் ஆவணம் வந்த கூரியர் உறையைத் தூக்கிப் போடக் கூடாது. அதன் மேலுள்ள தேதிதான் மூன்று மாதக் கணக்கின் ஆரம்பம்.

இங்கே ஒரு வேடிக்கை நடக்கும். பழைய பொதுப் பவரை ரத்து செய்ய, அவசரத்தில் தம்பிக்கு இன்னொரு பொதுப் பவர் எழுதிக் கொடுத்துவிடுவார்கள். ஒருவரிடமிருந்து சாவியை வாங்கி அடுத்தவர் கையில் கொடுத்த கதைதான் அது. தாக்கல் செய்ய மட்டும், அந்த ஒரு ஆவணத்துக்கு மட்டும் என்று எழுதினால் போதும்.

பதிவு முடிந்தால் சொத்தை விற்கிற, அடமானம் வைக்கிற ஆபத்து பெரும்பாலும் அடைபடுகிறது. வீடு வாங்க வருகிறவர் வில்லங்கம் போட்டுப் பார்ப்பார். ஆனால் வாடகைக்கு வருகிறவர் யாராவது வில்லங்கம் போட்டுப் பார்க்கிறார்களா? பால்கனி இருக்கிறதா, தண்ணீர் வருகிறதா என்றுதான் பார்ப்பார்கள். பராமரிப்பாளரை நீக்கும்போது நடக்கும் தவறுகளில் பெரும்பாலானவை சார்பதிவாளர் அலுவலகத்துக்கு வெளியேதான் நடக்கின்றன. அதற்குத்தான் கடிதங்கள்.

பராமரிப்பாளருக்குப் போகும் கடிதத்தின் நடுப்பகுதியைப் பத்திர எழுத்தர் இப்படி எழுதினார்:

“மேற்படி பொது அதிகார ஆவணத்தின் மூலமும், அதன்பின் வாய்மொழியாகவோ குறுஞ்செய்தி மூலமாகவோ, மேற்கண்ட வீட்டை வாடகைக்கு விடவும், வாடகையும் முன்பணமும் வசூலிக்கவும், வரி மற்றும் மின்கட்டணம் செலுத்தவும் தங்களுக்கு நான் அளித்திருந்த அதிகாரம் முழுவதையும், இன்று பதிவு செய்யப்பட்ட ரத்து ஆவணத்தின் மூலம் திரும்பப் பெற்றுக்கொண்டேன். இக்கடிதம் கிடைத்தது முதல் என் சார்பில் எந்தச் செயலும் செய்ய வேண்டாம். தாங்கள் நியமித்த தரகர், காவலாளி முதலியோருக்கும் இதைத் தெரிவிக்கவும். ஏற்கெனவே என் பெயரில் செய்து, நான் அறியாத ஒப்பந்தம் அல்லது வாங்கிய முன்பணம் ஏதேனும் இருந்தால் ஏழு நாட்களுக்குள் எழுத்தில் தெரிவிக்கவும்.”

இதில் மூன்று இடங்கள் சும்மா எழுதியவை அல்ல. ‘வாய்மொழியாகவோ குறுஞ்செய்தி மூலமாகவோ’ என்பதைச் சேர்க்காவிட்டால், “பவர்ல இல்லாட்டியும் போன்ல நீங்கதானே சொன்னீங்க” என்று பின்னால் ஒரு வாசல் திறந்திருக்கும். ‘திரும்பப் பெற்றுக்கொண்டேன்’ என்பது முடிந்த காலத்தில் இருக்கிறது. நண்பரின் முதல் வரைவில் ‘திரும்பப் பெறலாம் என்று இருக்கிறேன்’ என்று மரியாதைக்காக எழுதியிருந்தார். அது ரத்து அல்ல, யோசனை. மூன்றாவது, கடைசி வரி. தெரியாத ஒப்பந்தங்களைக் கேட்டு வாங்குவது. ரத்துக்கு முன்பு முகவர் முறையாகச் செய்துவிட்ட காரியங்கள் ரத்தால் அழிவதில்லை. போன மாதமே பெயின்டருக்கு வேலை பேசி முன்பணம் கொடுத்திருந்தால், அந்த வேலைக்குக் காசு கொடுக்க வேண்டியது வீட்டுக்காரர்தான்.

கடிதத்தில் இல்லாததையும் கவனியுங்கள். காரணம் சொல்லவில்லை. நான்கு மாத வாடகையைப் பற்றிப் பேச்சே இல்லை. நண்பருக்கு இது மனசே ஆறவில்லை. “அவர் செஞ்சதெல்லாம் எழுதணும்” என்றார். பத்திர எழுத்தர் சிரித்துக்கொண்டே, “இதோட நகல் கீழ் வீட்டுக்கும் தரகருக்கும் போகப்போகுது தம்பி. அதுல அவரைத் திருடன்னு எழுதினா, அவர் மானநஷ்ட வழக்குப் போட்டு நம்மளைக் கோர்ட்டுல நிறுத்துவார்” என்றார். அதிகாரத்தை எடுக்கக் காரணம் தேவையில்லை. கணக்கைக் கேட்பது தனிக் கடிதம், அது அவருக்கு மட்டும் போக வேண்டியது. கேட்டால் கணக்குக் காட்டுவதும், நம் பெயரில் வசூலித்த தொகையைத் தருவதும் அவருடைய கடமை என்று ஒப்பந்தச் சட்டமே சொல்கிறது. அதில் காரத்தைக் காட்டிக்கொள்ளலாம்.

அடுத்தது எந்தக் கடிதம் முதலில் போக வேண்டும் என்ற கேள்வி. நான் நினைத்தது, பண்புக்காவது முதலில் பராமரிப்பாளருக்குச் சொல்ல வேண்டும் என்று. பஞ்சு மூட்டைக் கதையை மறுபடி யோசித்தால் அது எவ்வளவு ஆபத்து என்று தெரியும். அவருக்குத் தெரிந்து மற்றவர்களுக்குத் தெரியாமல் இருக்கும் இடைவெளிதான் பணம் போகிற ஓட்டை. நண்பர் விஷயத்தில் அந்த இடைவெளி மூன்று வாரம். அதனால் எல்லாக் கடிதமும் ஒரே நாளில் போக வேண்டும். முடியாவிட்டால் வெளியாருக்கு முதலில், அவருக்குக் கடைசியில். அன்றைக்குக் காலையில் தம்பி கீழ் வீட்டுக்குக் கடிதத்தை நேரில் கொண்டுபோய், நகலில் ‘பெற்றுக்கொண்டேன்’ என்று தேதி, நேரத்தோடு கையெழுத்து வாங்கிவிட வேண்டும். பராமரிப்பாளருக்குத் தபால் அதே நாள் மதியம் போகலாம்.

வாடகைக்காரருக்குப் போகும் கடிதத்தில் ரத்தை மட்டும் சொன்னால் அரைக் கடிதம்தான். இனி வாடகையை யாரிடம், எந்தக் கணக்கில் கட்டுவது என்பதும் அதிலேயே இருக்க வேண்டும். இல்லாவிட்டால் பாவம், அவர் பழக்கத்தில் பழைய எண்ணுக்கே ஜிபே செய்வார், அல்லது யாருக்கும் கட்டாமல் வைத்துக்கொள்வார். இதுவரை பராமரிப்பாளரிடம் கட்டியதற்கு ரசீதோ பரிவர்த்தனை விவரமோ இருந்தால் நகல் கொடுங்கள் என்றும் ஒரு வரி சேர்க்கலாம். நண்பருக்கு வராமல் போன நான்கு மாத வாடகை அப்படித்தான் தெரிந்தது: கீழ் வீட்டு அம்மா ஒவ்வொரு மாதமும் ஐந்தாம் தேதி தவறாமல் கட்டியிருந்தார். தமிழ்நாட்டின் வாடகைச் சட்டப்படி வாடகை அதிகாரியிடம் ஒப்பந்தத்தைப் பதிவு செய்திருந்து, அதில் சொத்து மேலாளர் என்று அவர் பெயர் இருந்தால், அங்கேயும் மாற்றத்தைத் தெரிவிக்க வேண்டும்.

அப்புறம் அந்த ஏரியா வீட்டுத் தரகர்கள். ஒரு தெருவுக்கு இரண்டு பேர் இருப்பார்கள், ஒருவருக்குச் சொன்னால் மற்றவருக்குப் போய்விடும் என்றாலும் இரண்டு பேருக்கும் கடிதம் கொடுப்பதே நல்லது. காலியாக இருக்கும் பகுதியின் கதவிலும் கேட்டிலும் ஒரு தாள் ஒட்டுவது, கேட்கச் சாதாரணமாக இருந்தாலும், புதிதாக வீடு பார்க்க வருகிறவருக்குத் ‘தெரியவைக்க’ அதைவிட நேரான வழி இல்லை. நாளிதழில் பொது அறிவிப்புக் கொடுப்பதும் வழக்கம்தான். அது உதவும். ஆனால் அந்தப் பேப்பரைப் படிக்காதவருக்குத் தெரிந்துவிட்டது என்று சாதிப்பது கஷ்டம். கடிதத்துக்கு மேல் ஒரு காப்பாக வைத்துக்கொள்ளலாம், கடிதத்துக்குப் பதிலாக வேண்டாம்.

வங்கியில் நம் கணக்கை இயக்க அவருக்கு அனுமதி கொடுத்திருந்தால், அதற்குப் பவர் ரத்து போதாது. வங்கிக் கிளைக்குத் தனிக் கடிதம் போய், ஒப்புகை வர வேண்டும். மின் இணைப்பிலும் சொத்துவரியிலும் அவருடைய செல்போன் எண்தான் பதிவாகியிருக்கும். ஓடிபி அவருக்குத்தான் போகும். இந்த எண்களை மாற்றுவது ரத்தைவிடச் சின்ன வேலை, பல பேர் மறக்கிற வேலை.

பராமரிப்பாளருக்கு அனுப்பும் கடிதம் எப்படிப் போக வேண்டும்? முன்பெல்லாம் ஒப்புகை அட்டையோடு பதிவுத் தபால் என்பார்கள். 2025-இல் அஞ்சல் துறை பதிவுத் தபாலை விரைவுத் தபாலோடு இணைத்துவிட்டது. இப்போது விரைவுத் தபாலில்தான் சேர்ப்புச் சான்று கேட்டு வாங்க வேண்டும். அவர் வாங்க மறுத்தால்? பலரும் அதோடு சோர்ந்துவிடுகிறார்கள். சரியான முகவரிக்கு முறையாக அனுப்பிய கடிதத்தை ‘மறுத்தார்’ என்று தபால்காரர் எழுதித் திருப்பினால், கடிதம் சேர்ந்ததாகவே நீதிமன்றங்கள் பொதுவாக எடுத்துக்கொள்கின்றன. திரும்பி வந்த உறையைப் பிரிக்காமல் அப்படியே வைத்திருக்க வேண்டும். நண்பரின் தம்பி ஆர்வத்தில் பிரித்துப் பார்த்துவிட்டார். உள்ளே இருந்தது தன் அண்ணன் எழுதிய கடிதம்தான்.

வாட்ஸ்ஆப்பும் மின்னஞ்சலும் வீண் என்று சொல்ல வரவில்லை. நண்பரின் நீல டிக்தான், அன்றைக்கே அண்ணனுக்கு விஷயம் தெரிந்துவிட்டது என்பதற்கு நல்ல சாட்சியாக இருந்தது. கடிதத்தின் படத்தை அதிலும் அனுப்புங்கள். அதை மட்டும் அனுப்பிவிட்டு நிற்காதீர்கள்.

இனி, எழுதினாலும் எடுக்க முடியாத இடம் ஒன்று இருக்கிறது. சட்டத்தின் 202-ஆம் பிரிவு சொல்லும் கதை: ஒருவர் தன் நிலத்தை விற்கவும், விற்ற பணத்திலிருந்து தனக்கு வரவேண்டிய கடனை எடுத்துக்கொள்ளவும் இன்னொருவருக்கு அதிகாரம் கொடுக்கிறார். இந்த அதிகாரத்தை அவர் திரும்பப் பெற முடியாது. அவர் இறந்தாலும்கூட அது முடியாது. முகவருக்கே அந்தச் சொத்தில் சொந்தப் பாத்தியதை இருப்பதுதான் காரணம். வீட்டுப் பராமரிப்பில் இது எப்படி நுழையும்? கூரை ஒழுகுகிறது, வீட்டுக்காரரிடம் பணமில்லை. “நீங்க மூணு லட்சம் போட்டு வேலையை முடிங்கண்ணே, வாடகையிலிருந்து எடுத்துக்கோங்க” என்று ஒரு தாளில் எழுதிக் கொடுக்கிறார். அந்த நொடியிலிருந்து வாடகை வசூலிக்கும் அதிகாரம் அவருடைய கடனுக்கு ஈடாக மாறிவிட்டது என்று வாதாட அவருக்கு இடம் கிடைக்கிறது. இப்படி ஒரு தாள் இருந்தால், ரத்துக் கடிதத்துக்கு முன்னால் கடனைத் தீர்த்து ரசீது வாங்குங்கள். மாதச் சம்பளமோ கமிஷனோ வாங்குவது மட்டும் அந்த மாதிரிப் பாத்தியதை ஆகாது. பவரில் ‘மாற்ற முடியாதது’ என்று ஒரு வார்த்தையை யாரோ பழக்கத்தில் சேர்த்திருந்தாலும், அந்த வார்த்தையால் மட்டும் அது மாற்ற முடியாததாகிவிடாது.

சம்பளம் என்றதும் இன்னொன்று. அதிகாரம் வேறு, வேலை வேறு. ஒரு மாத நோட்டீஸ் என்று ஒப்பந்தத்தில் பேசியிருந்தால், அதிகாரத்தை இன்றே எடுத்துவிடலாம், ஆனால் அந்த ஒரு மாதச் சம்பளத்தைக் கொடுத்தாக வேண்டும். ஒப்பந்தத்தில் ஒன்றுமே பேசாவிட்டாலும், நியாயமான முன்னறிவிப்பு இல்லாமல் எடுத்தால் அதனால் அவருக்கு வரும் நஷ்டத்தை ஈடுகட்ட வேண்டும் என்கிறது சட்டம். ஒரு வருஷத்துக்கென்று பேசி நடுவில் எடுத்தால், தக்க காரணம் இல்லாதபோது அதற்கும் ஈடு உண்டு. கோபத்தில் இருக்கிறவர்கள் இந்த இரண்டையும் போட்டுக் குழப்பி, ‘ஒரு மாசம் நோட்டீஸ் கொடுத்திருக்கோமே’ என்று அதிகாரத்தையும் ஒரு மாதம் கூட விட்டுவைக்கிறார்கள். அந்த ஒரு மாதத்தில்தான் எல்லாம் நடக்கும்.

பாக்கி வைத்துக்கொண்டு சாவியைக் கேட்பதும் நடக்காத காரியம். தனக்கு வரவேண்டிய கூலியும், கைக்காசு போட்ட செலவும் தீரும்வரை, தன்னிடம் உள்ள முதலாளியின் தாள்களையும் பொருள்களையும் முகவர் பிடித்து வைத்துக்கொள்ளலாம். இது 221-ஆம் பிரிவு. நண்பர் இரண்டு மாதச் சம்பளம் பாக்கி வைத்திருந்தார். பவரின் ஒரிஜினல் திரும்பி வராததற்கு அண்ணன் சொன்ன காரணம் அதுதான், அந்த அளவில் அது நியாயமும்கூட. நான்காயிரம் ரூபாயை அனுப்பிவிட்டு மறுபடி கேட்டதும் மறு வாரமே ஒரிஜினல் வந்தது. அதை வாங்குவது வெறும் சடங்கு என்று நினைத்திருந்தேன். மாடி வீட்டுக்காரர் எதைப் பார்த்து நம்பினார்? அந்த ஒரிஜினலைத்தானே.

ரத்து ஆவணம் நவம்பரில் பதிவானது. தம்பி இரண்டு நாள் அலைந்தார். முதல் நாள் பழைய பவரின் எண்ணில் ஒரு இலக்கம் மாறியிருந்ததால் திருப்பி அனுப்பிவிட்டார்கள். மாடி வீட்டுக்காரரோடு நண்பர் புது ஒப்பந்தம் போட்டுக்கொண்டார், அட்வான்ஸ் ஒரு லட்சம் தன்னிடம் இருப்பதாக அதில் எழுதிக் கையெழுத்துப் போட்டார். போடாமல் வேறு வழியில்லை. அந்த ஒரு லட்சத்தையும் நான்கு மாத வாடகையையும் அண்ணன் மாதம் பத்தாயிரமாகத் தருவதாக எழுதிக் கொடுத்திருக்கிறார். இரண்டு தவணை வந்திருக்கிறது.

கேட்டில் தம்பி ஒட்டிய தாள் இன்னும் இருக்கிறது. மழைக்கு ஓரம் கிழிந்து, ‘இவ்வீட்டை வாடகைக்கு விட உரிமையாளரைத் தவிர வேறு எவருக்கும் அதிகாரம் இல்லை’ என்ற வரியும் அதன் கீழ் சிங்கப்பூர் எண்ணும் மட்டும் மிச்சம். போன வாரம் இரவு பத்தரைக்கு வீடு தேடி அலைந்த யாரோ ஒருவர் அந்த எண்ணுக்கு வாட்ஸ்ஆப்பில் அழைத்து, கீழ் வீடு எப்போது காலியாகும் என்று கேட்டிருக்கிறார். அங்கே அப்போது மணி ஒன்று. தூக்கத்தில் எடுத்த நண்பர், திட்டாமல், காலியாகாது என்று சொல்லி வைத்தாராம்.